பத்துக் கிலோமீட்டர் ஓட்டக்காரரும் 400 மீட்டர் ஓட்டக்காரரும்: லாக்டேட் வரம்பு, ஆக்சிஜன் கடன், தசை நார்கள் குறித்த முழுமையான வழிகாட்டி

ஒரே மைதானத்தில் இருவர் பயிற்சி செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 10 கிலோமீட்டரை 52 நிமிடத்தில் ஓடி முடிப்பவர். மற்றவர் 400 மீட்டரை 54 வினாடியில் ஓடும் கல்லூரி மாணவர். இருவருமே ஓடுகிறார்கள், நிற்கிறார்கள், மறுபடியும் ஓடுகிறார்கள். முதலாமவர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் ஒரு நிமிடம்தான் இளைப்பாறுகிறார். இரண்டாமவரோ பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்துகொண்டே இருக்கிறார். பார்ப்பவருக்கு முதலாமவர் கடும் உழைப்பாளியாகவும் இரண்டாமவர் பொழுதைக் கழிப்பவராகவும் தெரியலாம். ஆனால், இந்த ஓய்வு நேரங்களை மாற்றிப் போட்டால் இருவருடைய பயிற்சியுமே வீணாகிவிடும். அது ஏன் என்பதையும், அவரவருக்கு உரிய வேகத்தையும் ஓய்வையும் கைக்கடிகாரத்தின் துணையோடு எப்படிக் கணக்கிடுவது என்பதையும் இந்த வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது.

முதலில் லாக்டேட் பற்றி

தசை, குளுக்கோஸையும் தன்னுள் சேமித்த கிளைக்கோஜனையும் வேகமாக உடைக்கும்போது லாக்டேட் உருவாகிறது. இது ஓடும்போது மட்டும் நடப்பதன்று. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் ஒரு லிட்டர் ரத்தத்தில் சுமார் 1 மில்லிமோல் லாக்டேட் இருக்கிறது. உருவாகும் வேகத்திலேயே அது செலவாகியும் விடுவதால் அளவு கூடுவதில்லை. அதை யார் செலவழிக்கிறார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். இதயத் தசையும் ஆக்சிஜனைக் கொண்டு இயங்கும் தசை நார்களும் லாக்டேட்டை எரிபொருளாகவே எடுத்துக்கொள்கின்றன. ஒரு நாரில் உருவாகும் லாக்டேட் பக்கத்து நாருக்குப் போய் அங்கே எரிக்கப்படுகிறது என்பதை அமெரிக்க உடலியலாளர் ஜார்ஜ் புரூக்ஸ் 1980களிலிருந்து விளக்கிவந்திருக்கிறார். லாக்டேட்டை நஞ்சு போலவும் கழிவு போலவும் பேசுகிற பழக்கம் நம் மைதானங்களில் இன்னும் போகவில்லை. மறுநாள் தொடை வலிப்பதற்கும் அதையே காரணம் சொல்கிறார்கள். கடுமையாக ஓடி முடித்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் லாக்டேட் பழைய நிலைக்கு வந்துவிடும். மறுநாள் வலி தசையில் ஏற்படும் நுண்ணிய சேதத்தாலும் அதைத் தொடரும் அழற்சியாலும் வருகிறது. மலைச் சரிவில் மெதுவாக இறங்கி ஓடிப் பார்த்தால் இது விளங்கும்: மூச்சு வாங்காது, லாக்டேட்டும் ஏறாது, ஆனாலும் இரண்டு நாள் மாடிப்படி இறங்க முடியாது.

வேகம் கூடக் கூட லாக்டேட் உருவாவதும் கூடுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அது செலவாகும் வேகத்தை மிஞ்சிவிடும். அங்கிருந்து ரத்தத்தில் லாக்டேட் ஏறிக்கொண்டே போகும். அந்த வேகமே லாக்டேட் வரம்பு. பல ஆய்வகங்கள் 4 மில்லிமோலை இதற்கான அடையாளமாகக் கொள்கின்றன. அது ஒரு சராசரி மட்டுமே. ஒருவருக்கு 3-லும் இன்னொருவருக்கு 6-லும் வரம்பு அமையலாம். ஆகவே, எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட, எந்த வேகத்தில் அளவு நிலையாக நிற்கிறது, எந்த வேகத்தில் ஏறத் தொடங்குகிறது என்று பார்ப்பதே சரி. வரம்புக்குக் கீழே இருப்பவர் நெடுநேரம் ஓடலாம். வரம்பைச் சற்றே தாண்டினாலும் எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்க முடியும் என்ற கணக்கு தொடங்கிவிடுகிறது.

மூன்று வகை நார்கள்

மனிதத் தசையில் பொதுவாக மூன்று வகை நார்கள் உண்டு. முதல் வகை மெதுவாகச் சுருங்கும் நார். மைட்டோகாண்ட்ரியாவும் நுண் ரத்தக் குழாய்களும் இதில் நிறைந்திருப்பதால் எளிதில் களைப்படையாது. 2அ வகை வேகமாகச் சுருங்கும். அதே நேரத்தில் ஆக்சிஜனையும் ஓரளவு நன்றாகப் பயன்படுத்தும். 2எக்ஸ் வகை எல்லாவற்றிலும் வேகமானது, சில வினாடிகளில் பெரும் விசையைத் தரும், விரைவிலேயே ஓய்ந்தும் விடும்.

நாம் ஓடத் தொடங்கும்போது எல்லா நார்களும் ஒன்றாக இயங்குவதில்லை. தேவைப்படும் விசை குறைவாக இருந்தால் முதல் வகை மட்டும் இயங்கும்; விசை கூடக் கூட 2அ, கடைசியில் 2எக்ஸ் என்று நரம்பு மண்டலம் வரிசையாக அழைக்கிறது. எனவே, மெதுவாக எத்தனை சுற்று ஓடினாலும் 2எக்ஸ் நாருக்கு வேலை ஏறக்குறைய கிடைக்காது. மிக நீண்ட ஓட்டத்தின் இறுதியில் முதல் வகை நார்களின் கிளைக்கோஜன் தீர்ந்து, மற்றவை உதவிக்கு வருவது மட்டுமே விதிவிலக்கு. ஸ்பிரிண்ட் மாணவர் தாமதமாக வந்தால் ‘மைதானத்தைப் பத்து ரவுண்டு சுற்று’ என்று தண்டனை கொடுக்கும் உடற்கல்வி ஆசிரியர், அந்த மாணவருக்கு எந்த நார் வேண்டுமோ அதைத் தவிர மற்றதற்கெல்லாம் பயிற்சி கொடுக்கிறார்.

பயிற்சியால் நார் வகை மாறுமா என்ற கேள்விக்கு விடை பாதி ஆம், பாதி இல்லை. தொடர்ந்து பயிற்சி செய்தால், அது எந்த வகைப் பயிற்சியானாலும், 2எக்ஸ் நார்களில் பல 2அ-வாக மாறுகின்றன. முதல் வகையும் இரண்டாம் வகையும் ஒன்று மற்றொன்றாகப் பெருமளவில் மாறுவதற்கு உறுதியான சான்று குறைவு. ஆனால், ஒரு நாரின் உள்ளே இருக்கும் வசதிகள் பெரிதும் மாறக்கூடியவை. நெடுந்தூரப் பயிற்சி மைட்டோகாண்ட்ரியாவையும் லாக்டேட்டை நாருக்குள் இழுக்கும் புரதங்களையும் பெருக்குகிறது. லாக்டேட் வரம்பு உயர்வதற்கு இதுவே முதன்மையான காரணம்.

தன்னிடம் எந்த நார் எத்தனை விழுக்காடு என்று அறிய விரும்புவோர் பலர். தொடையிலிருந்து துளி தசையை எடுத்துச் சோதிப்பதே அதை நேரடியாக அறியும் வழி. உடற்பயிற்சிக் கூடங்களில் எடை தூக்கும் எண்ணிக்கையை வைத்துச் சொல்லப்படும் கணிப்புகளை நம்பிப் பயிற்சியை அமைக்க வேண்டாம்.

ஆக்சிஜன் கடன் என்பது என்ன

ஓட்டம் தொடங்கிய கணமே தசைக்கு ஆற்றல் வேண்டும். ஆக்சிஜன் உள்ளெடுப்போ, நிதானமான வேகத்திலும்கூட, உரிய அளவை எட்ட இரண்டு மூன்று நிமிடம் ஆகும். இடையில் விழும் பற்றாக்குறையைத் தசையில் சேமித்து வைத்த பாஸ்போகிரியாட்டினும், லாக்டேட்டை உண்டாக்கும் வேகமான குளுக்கோஸ் உடைப்பும் ஈடுகட்டுகின்றன. ஓட்டம் நின்ற பிறகும் மூச்சு வாங்குவது இந்தக் கணக்கைத் தீர்ப்பதற்காகவே. 1920களில் இதற்கு ஆக்சிஜன் கடன் என்று பெயரிட்டவர் ஆங்கிலேய உடலியலாளர் ஏ. வி. ஹில், 1922ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசை ஓட்டோ மேயர்ஹாஃபுடன் பகிர்ந்துகொண்டவர். கடன் முழுவதும் லாக்டேட்டைத் திரும்பக் கிளைக்கோஜனாக்கவே செலவாகிறது என்று அன்று கருதப்பட்டது. பின்னர் அது அப்படியன்று என்று தெரியவந்தது. லாக்டேட்டின் பெரும்பகுதி எரிக்கப்பட்டுவிடுகிறது. உயர்ந்த உடல் வெப்பமும் ஹார்மோன்களும் இதயத் துடிப்பும் கூட மூச்சை நீட்டிக்கின்றன.

பயிற்சிக்கு நமக்குத் தேவையானது இந்தக் கடனின் இரண்டு தவணைகள் மட்டுமே. முதல் தவணை வேகமானது: செலவான பாஸ்போகிரியாட்டினில் பாதி சுமார் 30 வினாடியில் திரும்பும், மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் பெரும்பகுதி நிரம்பிவிடும். இரண்டாம் தவணை மெதுவானது: ஏறிய லாக்டேட் பாதியாகக் குறையவே கால் மணி நேரம் வரை ஆகும், தசையின் அமிலத்தன்மை சீராகவும் பல நிமிடங்கள் வேண்டும். 400 மீட்டர் ஓடியவரின் ரத்தத்தில் லாக்டேட் உச்சத்தைத் தொடுவது எல்லைக்கோட்டில் அன்று, அதற்குச் சில நிமிடம் கழித்தே; அப்போது அது 15 மில்லிமோலையும் தாண்டியிருக்கலாம்.

படி 1: வரம்பை மைதானத்தில் கண்டறிதல்

இனி 10 கிலோமீட்டர் ஓட்டக்காரரைப் பின்தொடர்வோம். அவருக்குத் தேவை 400 மீட்டர் தடம், இதயத் துடிப்பைக் காட்டும் கடிகாரம், வெயில் ஏறாத காலை நேரம். சோதனைக்கு முந்தின நாள் கடும் பயிற்சி இருக்கக் கூடாது. இதய நோய் உள்ளவர்களும் ஓட்டத்துக்குப் புதியவர்களும் இந்தச் சோதனையை மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் செய்ய வேண்டாம்.

கால் மணி நேரம் மெதுவாக ஓடி உடலைச் சூடாக்கிய பின், 30 நிமிடம் தனியாக, தாக்குப்பிடிக்கக்கூடிய மிக அதிக வேகத்தில் ஒரே சீராக ஓட வேண்டும். பத்தாவது நிமிடத்தில் கடிகாரத்தின் லேப் பொத்தானை அழுத்த வேண்டும். கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பே வரம்புத் துடிப்பு. மொத்த 30 நிமிடத்தின் சராசரி வேகமே வரம்பு வேகம். முதல் பத்து நிமிடத் துடிப்பைச் சேர்க்காததற்குக் காரணம், ஆரம்பத்தில் துடிப்பு வேலையின் அளவுக்கு ஈடுகொடுக்காமல் பின்தங்கியே இருப்பதுதான்.

நம் ஓட்டக்காரர் 14 சுற்றும் 250 மீட்டரும், அதாவது 5,850 மீட்டர் ஓடினார் என்று கொள்வோம். 1,800 வினாடியை 5.85-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 308 வினாடி, அதாவது 5 நிமிடம் 8 வினாடி. ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 3 வினாடி. கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பு 172.

இந்த எண்ணை நம்பலாமா என்பதைப் பத்து நிமிடப் பகுப்பு காட்டிக்கொடுக்கும். 1,960, 1,940, 1,950 மீட்டர் என்று வந்திருந்தால் சோதனை சரி. 2,150, 1,900, 1,800 என்று வந்திருந்தால், தொடக்கத்திலேயே வரம்பைத் தாண்டி ஓடி, லாக்டேட்டை ஏற்றிக்கொண்டு, பிறகு அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்று பொருள். சில நாள் கழித்து மறுபடியும் ஓட வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் வேகத்தை வெகுவாகக் கூட்ட முடிந்திருந்தால், அதற்கு முன் ஓடியது குறைவு. வெயிலில் ஓடினால் வேகம் அதே இருக்க, துடிப்பு மட்டும் மேலே போகும். அந்தத் துடிப்பை வைத்துக் கணக்கிடுவது தவறான வரம்பைத் தரும்.

கையடக்க லாக்டேட் மானி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வியர்வையிலும் லாக்டேட் உண்டு. விரலைக் கழுவித் துடைத்து, முதல் துளியையும் துடைத்துவிட்டு, அடுத்த துளியை எடுக்காவிட்டால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும்.

படி 2: நெடுந்தூர ஓட்டக்காரரின் பயிற்சி

அவருடைய வாரத்தின் பெரும்பகுதி எளிய ஓட்டமாக இருக்க வேண்டும்: கிலோமீட்டருக்கு 6 நிமிடத்துக்கும் ஆறே முக்கால் நிமிடத்துக்கும் இடையில், பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியத்தில் பேசக்கூடிய வேகத்தில். முதல் வகை நார்களின் மைட்டோகாண்ட்ரியா பெருகுவது இங்கேதான். பெரும்பாலோர் தவறுவதும் இங்கேதான். எளிய நாளில் ஐந்தரை நிமிட வேகத்தில் ஓடிக் களைத்து, வரம்புப் பயிற்சி நாளில் வேகமெடுக்க முடியாமல் நிற்கிறார்கள்.

வரம்புப் பயிற்சி வாரத்துக்கு ஒரு முறை, நன்றாகப் பழகியவருக்கு இரண்டு முறை போதும். நம்மவருக்கு 4 முறை 1,600 மீட்டர், ஒவ்வொன்றும் 8 நிமிடம் 12 வினாடியிலிருந்து 8 நிமிடம் 20 வினாடிக்குள், நடுவே ஒரு நிமிடம் மெல்லோட்டம். ஓய்வு ஏன் ஒரு நிமிடம் மட்டும்? ஆக்சிஜன் உள்ளெடுப்பு உரிய அளவை எட்ட இரண்டு மூன்று நிமிடம் ஆகும் என்று பார்த்தோம். ஐந்து நிமிடம் நின்றுவிட்டால் உள்ளெடுப்பு முழுவதும் தாழ்ந்துவிடும். அடுத்த ஓட்டம் புதிய பற்றாக்குறையோடு தொடங்கும். மேலும், ஓய்வு நீண்டால் ஓட்டக்காரர் தன்னையறியாமல் 7 நிமிடம் 40 வினாடியில் ஓடிவிடுவார். பயிற்சி வரம்பைத் தாண்டிப் போய்விடும். ஒரு நிமிடத்தில் கால் சற்று இளகும், ஆனால் வேகநார்கள் உண்டாக்கும் லாக்டேட்டை மெதுநார்கள் எரித்துக்கொண்டே இருக்கும் நிலை கலையாது. அந்த நிலையில் 30 நிமிடத்துக்கு மேல் இருப்பதே இந்தப் பயிற்சியின் நோக்கம்.

சரியாக நடந்ததா என்று அறிய நான்காவது ஓட்டத்தைப் பார்த்தால் போதும். நேரம் முதல் ஓட்டத்தை ஒத்திருந்து, துடிப்பு 172-ஐ ஒட்டியே நின்று, மூன்று நான்கு சொற்களை மூச்சுவிட்டுச் சொல்ல முடிந்தால் சரி. முதல் ஓட்டம் 7.50, கடைசி 8.40 என்றால் அவர் ஓடியது வரம்பில் அன்று. முடிக்கும்போது, தேவைப்பட்டால் இன்னொரு 1,600 ஓடலாம் என்ற தெம்பு மிஞ்சியிருக்க வேண்டும். குப்புற விழும் அளவுக்கு ஓடுவது இந்தப் பயிற்சியில் வீரம் ஆகாது.

படி 3: 400 மீட்டர் ஓட்டக்காரரின் பயிற்சி

இவருக்கு வேண்டியது நேர்மாறானது. 2எக்ஸ், 2அ நார்கள் முழு வேகத்தில் சுருங்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு ஓட்டமும் கடன் தீர்ந்த உடலோடு தொடங்க வேண்டும்.

தூய வேகத்துக்கான நாளில் 4 அல்லது 5 முறை 60 மீட்டர், முழு வேகம். மைதானங்களில் வழங்கும் கணக்கு 10 மீட்டருக்கு ஒரு நிமிட ஓய்வு. அதன்படி 6 நிமிடம். பாஸ்போகிரியாட்டின் நிரம்ப ஆகும் நேரத்தோடு இது நன்றாகப் பொருந்துகிறது. இந்த இடைவெளியில் மெல்லோட்டம் ஓடச் சொல்வது தவறு. மெல்லோட்டத்துக்கும் ஆக்சிஜன் செலவாவதால் பாஸ்போகிரியாட்டின் நிரம்புவது தாமதமாகும். மெதுவாக நடந்து திரும்பினாலே போதும்.

வேகத் தாங்குதிறனுக்கான நாளில் 3 முறை 300 மீட்டர். இந்த மாணவரின் சிறந்த 300 மீட்டர் நேரம் 39.5 வினாடி என்றால், அதில் 95 விழுக்காடு வேகம் என்பது 41.5 வினாடியை ஒட்டி வரும். ஓய்வு 12 நிமிடம். இங்கே தீர்க்க வேண்டியது கடனின் மெதுவான தவணை. ஆகவே முதல் சில நிமிடம் படுத்துவிடாமல் நடப்பதும் மெல்ல ஓடுவதும் பயன் தரும். இயங்கும் மெதுநார்களே லாக்டேட்டை எடுத்து எரிக்கும்.

பொறுமையிழந்த பயிற்சியாளர் ஓய்வை 2 நிமிடமாகக் குறைத்தால் நடப்பது இது: முதல் ஓட்டம் 41.5, இரண்டாவது 45, மூன்றாவது 49. மாணவர் புல்லில் விழுந்து வாந்தி எடுக்கிறார். எல்லோரும் நல்ல பயிற்சி என்கிறார்கள். 49 வினாடி என்பது 400 மீட்டரை 65 வினாடியில் ஓடும் வேகம். அந்த வேகத்தில் ஓடப் பழகுவது 54 வினாடி ஓடுபவருக்கு உதவாது. அமிலத்தன்மையைத் தாங்கும் பழக்கம் கொஞ்சம் வரும் என்பது உண்மை; போட்டிப் பருவத்தை ஒட்டி எப்போதாவது அப்படிச் செய்யலாம், வாடிக்கையாக அன்று. நிறுத்துவதற்கான விதி எளிது: 60 மீட்டரில் நேரம் 3 விழுக்காடு, 300 மீட்டரில் 5 விழுக்காடு சரிந்தால் அன்றைய பயிற்சி முடிந்தது. கால் தரையில் அழுந்தி நிற்பதும், முழங்கால் உயராமல் போவதும், தோள் காதை நோக்கி ஏறுவதும் கடிகாரத்துக்கு முன்பே அதைச் சொல்லிவிடும்.

இவருக்கு ஆக்சிஜன் வேலையே வேண்டாமா என்றால், வேண்டும். 400 மீட்டர் ஓட்டத்துக்கான ஆற்றலில் சுமார் 40 விழுக்காடு ஆக்சிஜன் வழியாகவே வருகிறது. 800 மீட்டரில் அது 60 விழுக்காட்டுக்கு மேல். ஆனால், அந்தப் பங்கை வளர்க்க 10 கிலோமீட்டர் ஓட வேண்டியதில்லை. வேக நாள்களுக்கு இடையில், புல்தரையில் 8 முறை 200 மீட்டர், ஒவ்வொன்றும் 35 வினாடியை ஒட்டி, ஒன்றரை இரண்டு நிமிட நடையோடு ஓடலாம். தொடர்ந்து அதிக அளவில் நெடுந்தூரம் ஓடினால் வலிமையும் வெடிப்பு வேகமும் வளர்வது தடைபடுகிறது. 1980இல் ராபர்ட் ஹிக்சன் வெளியிட்ட பத்து வார ஆய்வில், எடைப் பயிற்சியையும் கடும் தாங்குதிறன் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களின் வலிமை இறுதி வாரங்களில் வளராமல் பின்வாங்கியது.

படி 4: மறுசோதனை

ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, அதே தடத்தில், அதே வேளையில், முடிந்தால் அதே அளவு வெப்பத்தில் மறுபடியும் அளக்க வேண்டும். 10 கிலோமீட்டர் ஓட்டக்காரர் 30 நிமிடத்தில் 6,050 மீட்டர் ஓடினால் வரம்பு வேகம் 4 நிமிடம் 58 வினாடிக்கு வந்துவிட்டது. வரம்புத் துடிப்பு 172-ஐ ஒட்டியே இருப்பது இயல்பு, அது உயர வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தூரம் கூடாமல், எளிய ஓட்டத்தில் துடிப்பு மட்டும் முன்பைவிடக் குறைந்திருந்தால் அடித்தளம் வளர்ந்திருக்கிறது; வரம்புப் பயிற்சியின் அளவைச் சற்றுக் கூட்டலாம். தூரமும் குறைந்து, எளிய ஓட்டத்தில் துடிப்பும் உயர்ந்திருந்தால் அது களைப்பு. ஒரு வாரம் பயிற்சியைப் பாதியாக்கிவிட்டு மறுபடியும் சோதிக்க வேண்டும்.

400 மீட்டர் ஓட்டக்காரர் 60 மீட்டர், 300 மீட்டர் இரண்டையும் வெவ்வேறு நாளில் முழு வேகத்தில் ஓடிப் பார்க்க வேண்டும். 300 மேம்பட்டு 60 மந்தமானால் தாங்குதிறன் வேலை மிகுந்து வேக நாள்கள் நசுங்கியிருக்கின்றன. 60 மேம்பட்டு 300 அப்படியே நின்றால், 300 மீட்டர் நாளை வாரத்துக்கு ஒன்றாக உறுதிசெய்தால் போதும். அப்போதும் 12 நிமிட ஓய்வில் கை வைக்க வேண்டாம்.